பத்து ரூபாய் ஸ்ட்ரிப் உண்மையில் என்ன விலை? 74 வயது பெரியம்மாவின் சுகர், பிபி கணக்கு

நோயாளி என் பெரியம்மா. வயது 74. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். வீட்டு வேலைக்கு ஒரு பெண் பகலில் வந்து போகிறார். சர்க்கரை வந்து 18 வருடம் இருக்கும். அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சாப்பிடுகிறார். இன்சுலின் கிடையாது. ஹீமோகுளோபின் கடைசி ரிப்போர்ட்டில் 9.8. ரத்தசோகைக்கும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டது அந்த 9.8-தான்.

வெளியூரில் இருக்கும் அவர் மகன் கேட்டது சின்னக் கேள்வி. மருந்துக்கடையில் 50 ஸ்ட்ரிப் டப்பா ஒரு கம்பெனியில் 500 ரூபாய், இன்னொன்றில் 1,000 ரூபாய். அம்மா 500 ரூபாய் டப்பாதான் வாங்குகிறார், அதுவே போதுமா? கூடவே, வீட்டில் இருக்கும் பிபி மெஷின் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பெரியம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "பத்து ரூபாய்க்கு ஆகிற வேலைக்கு எதுக்குடா இருபது ரூபாய்?" என்றார்.

டப்பாவில் இருந்த 24

ஒரு டெஸ்ட்டின் விலையைக் கண்டுபிடிக்க எல்லோரும் டப்பா விலையை ஸ்ட்ரிப் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மேலே போட வேண்டியது டப்பா விலை இல்லை, மொத்தச் செலவு. கீழே போட வேண்டியது வாங்கிய ஸ்ட்ரிப் இல்லை, நம்பி ஒரு முடிவெடுக்கக்கூடிய ரீடிங். இந்த இரண்டாவது எண்ணைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. டப்பாவில் மிச்சம் உள்ள ஸ்ட்ரிப்பை எண்ணி, குளுக்கோமீட்டரின் மெமரியோடு ஒப்பிட்டால் போதும். தேதியும் நேரமும் சரியாக வைத்திருந்தால், மெமரி எதையும் மறைக்காது.

பெரியம்மாவின் டப்பாவில் 24 ஸ்ட்ரிப் மிச்சம் இருந்தது. அதாவது 26 செலவாகியிருக்கிறது. பில் தேதியைப் பார்த்தால் வாங்கி மூன்று மாதம். வாரத்துக்குச் சராசரியாக இரண்டு. ஆனால் அந்த மூன்று மாதத்தில் மெமரியில் இருந்தது 22 ரீடிங்தான். மீதி நான்கு ஸ்ட்ரிப் எரர் காட்டி வீணாகியிருக்கிறது. அந்த 22-லும் மூன்று, ஒரு ரீடிங் எடுத்த சில நிமிடத்திலேயே நம்பிக்கை இல்லாமல் திரும்ப எடுத்தவை. ஆக உருப்படியான ரீடிங் 19.

இந்த டப்பாவின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் "திறந்த நாளிலிருந்து 3 மாதம்" என்று போட்டிருந்தது. கீழே அச்சிட்ட காலாவதித் தேதி இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அது மூடி திறக்காத டப்பாவுக்கு. ஸ்ட்ரிப்பில் இருக்கும் என்சைம் காற்றின் ஈரப்பதம் பட்டுக் கெடும். அதற்காகத்தான் மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். காவிரிக்கரை வீட்டில், அடுப்படி அலமாரியில், மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்த டப்பாவுக்கு அந்த மூன்று மாதமே தாராளம். ஆக மிச்சம் இருக்கும் 24-ம் தூக்கிப்போட வேண்டியவை. 500 ரூபாயை 19-ஆல் வகுத்தால் ஒரு ரீடிங்குக்கு 26 ரூபாய் சொச்சம்.

இதே டப்பா தினம் இரண்டு முறை பார்க்கும் ஒருவருடைய வீட்டில் இருந்தால் 25 நாளில் காலியாகிவிடும், ஒன்றுகூட வீணாகாது. வாரம் இரண்டு பார்ப்பவருக்கு 50 ஸ்ட்ரிப் டப்பா பெரிது. அவர் 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பா வாங்க வேண்டும், இல்லையென்றால் திறந்த பிறகும் அச்சிட்ட தேதிவரை தாங்கும் ரகத்தை வாங்க வேண்டும். அப்படிச் சில கம்பெனிகள் விற்கின்றன, சிலது ஆறு மாதம் தாங்கும். எது எது என்று கடையில் சொல்ல மாட்டார்கள், டப்பாவைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். எந்த டப்பாவாக இருந்தாலும் திறந்த அன்றே மூடிமேல் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள்.

வீணான ஏழு

எரர் வந்த நான்கும் எப்படிப் போயின என்று பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லான்செட் ஊசியை வாரக்கணக்கில் மாற்றுவதில்லை. மழுங்கிய ஊசி குத்தும்போது வலி அதிகம், ரத்தம் கொஞ்சம். விரல் நுனியைப் பிதுக்கிப் பிதுக்கி ஒரு சொட்டு வரவழைத்து, அதை ஸ்ட்ரிப்பின் மேல் பக்கத்தில் பொட்டு வைப்பது போலத் தேய்த்தார். ஆனால் அவரிடம் இருந்த ஸ்ட்ரிப் ரத்தத்தை நுனி வழியாக உறிஞ்சுகிற ரகம். மேலே வைத்தால் உள்ளே போவதற்குள் சொட்டு காய்ந்துவிடும், ரத்தம் போதவில்லை என்று எரர் வரும். கண்ணில் புரை ஆரம்பித்திருப்பதால் அவருக்கு அந்த நுனி தெரியவில்லை. மேஜை விளக்கைப் பக்கத்தில் வைத்து, சொட்டை ஸ்ட்ரிப்பிடம் கொண்டுபோகாமல் ஸ்ட்ரிப்பின் நுனியைச் சொட்டிடம் கொண்டுபோகச் சொன்னதும் பழகிக்கொண்டார்.

100 லான்செட் 150 ரூபாய். ஒன்றரை ரூபாய் ஊசியை மிச்சம் பிடிக்கப்போய் பத்து, இருபது ரூபாய் ஸ்ட்ரிப் போகிறது. ஒரு தடவைக்கு ஒரு ஊசி என்றுதான் பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அப்புறம் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, அரை நிமிடம் கீழே தொங்கவிட்டு, விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும். அப்படிச் செய்தால் பிதுக்கவே தேவையில்லை.

திரும்ப எடுத்த மூன்றில் ஒன்று இந்தக் கழுவலில்தான் சிக்கியது. மெமரியில் ஒரு நாள் 312, ஆறு நிமிடம் கழித்து 148. என்ன நடந்தது என்று கேட்டேன். கோயில் பிரசாதம் சர்க்கரைப் பொங்கலைப் பிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குத்தியிருக்கிறார். விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையையும் சேர்த்து மெஷின் அளந்திருக்கிறது. நல்லவேளையாக நம்பவில்லை.

மற்ற இரண்டும் வேறு கதை. 142 வந்திருக்கிறது, சந்தேகப்பட்டு மறுபடி எடுத்ததில் 155. இது கோளாறே இல்லை. இந்த மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரம், 2013-ல் திருத்தியது, சொல்வது இதுதான்: சுகர் 100-க்கு மேல் இருந்தால் நூற்றில் 95 ரீடிங் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். 142-க்கும் 155-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தீர்த்துவைக்க மூன்றாவது ஸ்ட்ரிப் போடுவது வீண் செலவு. உடம்பு சொல்வதும் மெஷின் சொல்வதும் ஒத்துப்போகாதபோதுதான் கை கழுவிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

9.8 என்ன செய்தது

இதுவரை போட்ட கணக்குப்படி, 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பா வாங்கி ஊசியையும் மாற்றிக் குத்தினால் அதே மலிவு ஸ்ட்ரிப் கட்டுப்படியாகும் என்றுதான் தோன்றியது. ஆனால் மெஷினோடு வந்த தாளில் ஹீமடோகிரிட் என்று ஒரு வரி இருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடம் பிடிக்கின்றன என்பதுதான் ஹீமடோகிரிட். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய அந்த எண் வந்துவிடும். பெரியம்மாவுக்கு 29 சொச்சம். அவரிடம் இருந்த குளுக்கோமீட்டர் 35-லிருந்து 55 வரைதான் சரியாக அளக்கும் என்று தாளில் இருந்தது. சிவப்பணு குறைந்தால் இந்த ஸ்ட்ரிப்கள் சர்க்கரையை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.

இதைச் சோதிக்கத் தனியாகப் பணம் செலவாகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறாரே, அந்த நேரத்தில் விரலிலும் குத்திப் பார்த்தோம். வெறும் வயிற்றில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில், லேபில் கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தத்தைவிடச் சர்க்கரை இயல்பாகவே கூட இருக்கும், அப்போது ஒப்பிட்டால் குழப்பம்தான். லேப் சொன்னது 104. மெஷின் சொன்னது 131. ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருக்குமோ என்று, அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த புது டப்பாவைத் திறந்து ஒன்று போட்டோம்: 127. ஆக ஈரத்தைவிட ரத்தசோகைமேல்தான் சந்தேகம் அதிகம்.

லேபைவிட 26 சதவீதம் அதிகம். இதே விகிதம் கீழேயும் இருந்தால், உண்மையில் 70-க்கு இறங்கிய சுகரை மெஷின் 88 என்று காட்டும். சுகரை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிப்ரைடு சாப்பிடுகிற, தனியாக இருக்கிற, 74 வயதுக்காரருக்கு அந்த 88 ஆபத்தான எண். "நல்லாத்தான் இருக்கு" என்று படுத்துவிடுவார். மெஷின் கூட்டிக் காட்டும் எண்ணைக் குறைக்க மாத்திரையைக் கூட்டினாலும் அதே ஆபத்துதான். பெரியம்மாவுக்கு அந்த ஸ்ட்ரிப் பத்து ரூபாயும் இல்லை, இருபத்தாறு ரூபாயும் இல்லை. அவர் விஷயத்தில் அது விலைபோட முடியாத சரக்கு.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி இருக்கிறதே, அதை நம்பினால் போதாதா என்று மகன் கேட்டார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அந்த எண்ணும் கூடுதலாகக் காட்டும். அதனால் இவருக்கு விரல் ரீடிங்கின் மதிப்பு மற்றவர்களைவிட அதிகம்.

1,000 ரூபாய் டப்பாவின் மெஷினுக்கு ஹீமடோகிரிட் வரம்பு 10-லிருந்து 65 வரை. ஸ்ட்ரிப் திறந்த பிறகும் அச்சிட்ட தேதிவரை தாங்கும். மெஷின் விலை 900 ரூபாய். அடுத்த தடவை லேபில் 108 வந்தபோது இது 114 காட்டியது. பிரிண்டரைச் சல்லிசாகக் கொடுத்து மையில் காசு பார்ப்பது போலத்தான் இந்த வியாபாரமும் நடக்கிறது, அதனால் மெஷின் விலையை ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் வருடத்துக்கு 225 ரூபாய்.

எத்தனை ஸ்ட்ரிப் வேண்டும்

பெரியம்மா பார்த்தது எல்லாமே காலை வெறும் வயிற்று அளவு. அது ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் சொன்னது. மருத்துவர் ஜோடியாகப் பார்க்கச் சொன்னார்: சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. வாரம் இரண்டு ஜோடி போதும். ஒரு வாரம் காலை இட்லிக்கு, அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு, அதற்கடுத்த வாரம் ராத்திரிக்கு என்று மாற்றி மாற்றி. மூன்று வாரத்தில் நாளின் முழுப்படமும் வந்துவிடும். எந்த வேளைச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பது இரண்டு எண்ணின் வித்தியாசத்தில்தான் தெரியும்.

இது போக ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு ஏகாதசி விரதத்தை விடச் சொல்ல யாராலும் முடியாது. அன்று கிளிமிப்ரைடு எடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் முந்தின நாள் மாத்திரையின் மிச்சம் இருக்குமே என்று முற்பகல் ஒன்று, சாயங்காலம் ஒன்று பார்க்கச் சொன்னார். 70-க்குக் கீழே வந்தால் விரதத்தை அப்போதே முடித்துவிட வேண்டும். மாதம் இரண்டு ஏகாதசி என்றால் வருடத்துக்கு 48 ஸ்ட்ரிப். வாரம் நான்கு என்பது வருடத்துக்கு 208. மொத்தம் 256.

வேர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் எடுப்பதற்கும், இன்னமும் வரும் ஓரிரண்டு எரருக்கும் சேர்த்து 270 வாங்குகிறோம். ஸ்ட்ரிப்புக்கு 5,400 ரூபாய், லான்செட்டுக்கு 405, மெஷினுக்கு 225, பட்டன் பேட்டரிக்கு 50. கூட்டினால் 6,080. அட்டவணைப்படியான 256 ரீடிங்கால் வகுத்தால் ஒன்றுக்கு 24 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதம் 500 ரூபாய் சொச்சம். இருபது ரூபாய் ஸ்ட்ரிப்பில் ஒரு ரீடிங் 24 ரூபாய், பத்து ரூபாய் ஸ்ட்ரிப்பில் 26 ரூபாய். பெரியம்மா இந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கும் இடத்தில் ஒன்றிரண்டு கவனிக்க வேண்டும். ஆன்லைனில் பெரிய தள்ளுபடியில் வரும் டப்பாக்களில் சில நான்கைந்து மாதத்தில் காலாவதியாகும் சரக்கு. பெரியம்மா வேகத்தில் 50 ஸ்ட்ரிப் டப்பா ஒன்று தீர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், நான்கு டப்பா மொத்தமாக வாங்கினால் கடைசி ஒன்றோ இரண்டோ வீண். குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பார்த்துக்கொள்ளலாம்.

பிபி மெஷின் கணக்கு தலைகீழ்

ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் காசு. பிபி மெஷினில் காசு முழுவதும் முதலிலேயே போய்விடுகிறது, அதன்பின் ஒரு ரீடிங்குக்கு ஆகும் செலவு கொஞ்சம் கரண்ட். அதனால் இங்கே கவனிக்க வேண்டிய இடமே வேறு, அதாவது கையில் சுற்றும் பட்டை.

பெரியம்மாவின் பழைய மெஷினில் இருந்தது 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கான பட்டை. தையல் டேப்பை வைத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்தால் 34. கைக்குப் பட்டை சின்னதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும். அதே நாற்காலியில், அதே காலையில், பழைய மெஷின் 158 காட்டியது. 22 முதல் 42 வரை பொருந்தும் பட்டையோடு வந்த புதிய மெஷின் 144 காட்டியது. பழைய மெஷின் எடுத்த ரீடிங் எல்லாம் நோட்டில் வரிசையாக எழுதியிருந்தது. ஒன்றையும் பயன்படுத்த முடியாது.

புதிய மெஷின் 2,300 ரூபாய், ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 460. அடாப்டர் 450, வருடத்துக்கு 90. பட்டையின் ஒட்டும் பகுதி நடுவில் ஒருமுறை தேய்ந்துபோகும் என்று 900 ரூபாய் ஒதுக்கினோம், வருடத்துக்கு 180. மொத்தம் வருடத்துக்கு 730 ரூபாய். அடாப்டர் வேண்டாமென்றால் நான்கு பென்சில் செல் போடலாம், ஆனால் செல் இறங்கும்போது பட்டை பாதியில் நின்று மறுபடி மறுபடி காற்றடிக்கும், வயதானவர்களுக்குக் கை வலிக்கும்.

இதை ஒரு ரீடிங்குக்கு எவ்வளவு என்று வகுத்தால் எந்த விடையும் வரும். மாதம் இரண்டு தடவை போட்டால் 30 ரூபாய். தினமும் காலை மாலை இரண்டிரண்டு தடவை போட்டால் 50 பைசா. ஆனால் பிபியில் ஒற்றை ரீடிங்குக்கு மதிப்பில்லை. வீட்டுப் பிபிக்கு மருத்துவர்கள் கேட்பது ஒரு வாரச் சராசரி: ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங், காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24-க்குச் சராசரி. அது 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வீட்டு அளவில் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவரைப் பார்க்கப் போகும் முந்தின வாரம் இதைச் செய்கிறார். வருடத்துக்கு நான்கு சராசரி, ஒன்றுக்கு 182 ரூபாய். மற்ற நாட்களில் மெஷினை எடுப்பதே இல்லை; அடிக்கடி பார்த்துப் பதற்றமாகி, அந்தப் பதற்றத்தால் பிபி ஏறி, மறுபடி பார்ப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது.

மெஷின் வேறொரு இடத்தில் ஸ்ட்ரிப் செலவையும் குறைத்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் கிறுகிறுப்பு என்று ஒவ்வொரு தடவையும் சுகர் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை காரணமாக முதலில் சுகரைப் பார்ப்பது சரிதான். ஆனால் புதிய சுகர் மெஷினிலும் திரும்பத் திரும்ப 130, 140 என்றே வந்தது. அதன்பின் உட்கார்ந்தபடி பிபி பார்த்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கச் சொன்னேன், வேலைக்கு வரும் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. உட்கார்ந்து 142, நின்று 116. மேல் அளவு 20 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய இறக்கம். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு பாதித்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். சின்னப் பட்டையின் 158-ஐ வைத்து மாத்திரையைக் கூட்டியிருந்தால் இந்த இறக்கம் இன்னும் ஆழமாகியிருக்கும். மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்து அம்லோடிபினைக் குறைத்தார்.

நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டும்; அவர்கள் எத்தனை தடவை எடுப்பது என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பெரியம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மெஷினை மருத்துவரிடம் எடுத்துப்போய், அவருடைய கருவியோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 6,810 ரூபாய், மாதம் 570-க்குள். இந்த எண் நிற்பது இப்போதைய மருந்துவரைதான். எதிர்காலத்தில் காலை, இரவு என்று இன்சுலின் ஆரம்பித்தால் தினம் இரண்டு ஸ்ட்ரிப் ஆகும், வருடம் 730. அந்த வேகத்தில் டப்பாவின் மூன்று மாதக் கெடு ஒரு பொருட்டே இல்லை, மலிவு ஸ்ட்ரிப் அப்போது நிஜமாகவே மலிவாகிவிடும். வருடத்துக்கு 7,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அன்றைக்கும் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழேயே இருந்தால் அந்த மெஷினை எடுக்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு 12-ஐத் தொட்டால் ஹீமடோகிரிட் 36 ஆகும், வரம்பின் விளிம்புக்குள் வரும், அப்போது லேப் நாளன்று இரண்டு மெஷினையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்க்கலாம்.